ஐயாயிரம் கோடி மிச்சம்

2021 ஆகஸ்டில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அக்கா ஒரு செய்தி போட்டாள். "ரிப்போர்ட் வந்துடுச்சு. தம்பிக்குக் குணமாயிடுச்சு. வேண்டிக்கிட்ட எல்லாருக்கும் நன்றி." பத்து நிமிடத்தில் கும்பிடும் கைகளால் திரை நிறைந்துவிட்டது. துபாயில் இருக்கும் சித்தப்பா மகன் சாமி படம் போட்டான். போளூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் என்றைக்கு மொட்டை, எந்தக் கோயிலில் என்று கேட்டிருந்தார்.

அக்கா பையனுக்கு அப்போது ஐந்து வயது. அவனுக்கு வந்தது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா, சுருக்கமாக ஏஎல்எல். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். விட்டுவிட்டு வந்த காய்ச்சல், கால் வலிக்கிறது என்று ராத்திரியில் அழுகை, தொடையில் காரணம் தெரியாத நீலத்திட்டுகள் என்று ஆரம்பித்து, ஒரு ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக் கணக்கு தாறுமாறாக இருந்து, அங்கிருந்து சென்னைக்கு வந்தோம். சிகிச்சை தொடங்கி ஐந்து வாரம் முடிந்திருந்தது. அந்த ரிப்போர்ட்டை நானும் படித்தேன். அதில் குணம் என்று பொருள்படும் எந்தச் சொல்லும் கிடையாது. இருந்தவை இரண்டே விஷயங்கள்: "மார்ஃபலாஜிக்கல் ரெமிஷன்" என்று ஒன்று, "எம்ஆர்டி நெகட்டிவ்" என்று இன்னொன்று. டாக்டர் அம்மா சொன்னதும் ஏறத்தாழ அவ்வளவுதான். "ரெமிஷன் வந்துடுச்சு, ரொம்ப நல்ல விஷயம். இனி அடுத்த கட்டம் ஆரம்பிக்கலாம்."

இதில் முதல் வாக்கியத்தை எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவது வாக்கியம் எங்கே போனது என்று தெரியவில்லை. அடுத்த கட்டம் என்பது இன்னும் இரண்டரை வருடம் என்று மாமாவுக்கு உறைத்தபோது, "குணமான புள்ளைக்கு எதுக்குடா இன்னும் மருந்து?" என்று என்னிடம்தான் கேட்டார். (அக்கா கணவரை நான் மாமா என்பேன், பையன் என்னை மாமா என்பான். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாராவது "மாமா" என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.) அவருக்குப் போளூர் பக்கம் மூன்று ஏக்கர் நிலம், வேர்க்கடலை, கொஞ்சம் நெல். ஆடிப்பட்டம் முழுக்க ஆஸ்பத்திரியில் போயிருந்தது. கடலை போடாத நிலம், வட்டி, சென்னையில் வாடகை அறை, ஊரில் தனியாக இருக்கும் மாமியார். அவர் கேட்டதில் பேராசையோ அறியாமையோ இல்லை. குணமாகிவிட்டது என்றால் வீட்டுக்குப் போகலாம், அதுதானே தமிழில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்?

ரெமிஷன் என்பதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் அளவுகோல் துல்லியமானது, அதே சமயம் அடக்கமானது. இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுத்த மஜ்ஜையைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவார்கள். முதிராத செல்களுக்கு பிளாஸ்ட் என்று பெயர். அவை நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்து, சாதாரண ரத்த அணுக்களும் திரும்ப வந்திருந்தால் அது ரெமிஷன். ஏன் பூஜ்ஜியம் இல்லாமல் ஐந்து? நல்ல மஜ்ஜையிலும் முதிராத செல்கள் கொஞ்சம் இருக்கும். ஐந்துக்குக் கீழே போய்விட்டால் இது நல்ல குழந்தை செல், இது லுகேமியா செல் என்று வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. கண்ணின் எல்லைதான் அந்த ஐந்து சதவீதம்.

இனி கணக்கு. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் ஒரு குழந்தையின் உடம்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி லுகேமியா செல்கள் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பத்தின் பன்னிரண்டாம் அடுக்கு. அதில் ஐந்து சதவீதம் என்றால் ஐயாயிரம் கோடி. அதாவது, குழந்தை எழுந்து நடக்கிறான், காய்ச்சல் இல்லை, ரத்தம் நன்றாக இருக்கிறது, ரிப்போர்ட்டில் ரெமிஷன் என்று அச்சடித்து வருகிறது. அந்தச் சொல்லின் எல்லைக்குள் நின்றுகொண்டே ஐயாயிரம் கோடி வரைக்கும் மிச்சம் இருக்கலாம்.

எம்ஆர்டி என்பது இந்த இடத்தில்தான் வருகிறது. மிச்சம் மீதி நோயைத் தேடும் சோதனை. செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் ஆன்டிபாடிகளைச் சேர்த்து, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஒரு ஐந்து லட்சம் செல்களைப் பார்ப்பார்கள். பத்தாயிரத்துக்கு ஒன்று, அதாவது 0.01 சதவீதம், வழக்கமான கோடு. ஐந்து லட்சத்தில் அது ஐம்பது செல். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் "நெகட்டிவ்". முதலில் அந்தச் சொல்லைக் கேட்டு அக்கா மாமியார் பயந்துவிட்டார், நெகட்டிவ் என்றால் கெட்டது என்று நினைத்து. பிறகு அவரே "ஓ, கொரோனா நெகட்டிவ் மாதிரி" என்று சமாதானமானார். கொரோனா இந்தத் தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே மருத்துவப் பாடம் அதுவாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாடமும் இங்கே முழுதாகப் பொருந்தாது. லட்சம் கோடியில் 0.01 சதவீதம் என்றால் பத்துக் கோடி. நெகட்டிவ் வந்த குழந்தையின் உடம்பில் அந்தப் பத்துக் கோடிக்குக் கீழே எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சோதனைக்குத் தெரியாது.

மாதிரி எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மஜ்ஜையை உறிஞ்சும்போது முதல் இழுப்பில் வருவதுதான் எம்ஆர்டிக்குப் போக வேண்டும். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் ரத்தம் கலந்து மஜ்ஜை நீர்த்துவிடும். நீர்த்த மாதிரியில் லுகேமியா செல்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். நல்ல லேப், "மாதிரியில் ரத்தக் கலப்பு இருக்கிறது" என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடும். எங்கள் வேலையில் இது தினசரி அனுபவம். `grep ERROR app.log` என்று தேடி ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, பிழை இல்லையா என்பது அல்ல. சரியான ஃபைலில்தான் தேடினோமா என்பது.

இந்தக் கணக்கை உலகத்துக்குப் புரியவைத்தது எலிகள். அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஹோவர்ட் ஸ்கிப்பர் என்பவர் லுகேமியா எலிகளை வைத்து 1960களில் இரண்டு விஷயங்களைக் காட்டினார். ஒரே ஒரு லுகேமியா செல்லைச் செலுத்தினாலும் அது பெருகி எலியைக் கொல்ல முடியும் என்பது முதலாவது. மருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணிக்கையில் கொல்வதில்லை, ஒரே விகிதத்தில் கொல்கிறது என்பது இரண்டாவது. ஒரு தவணை மருந்து 99.9 சதவீதத்தைக் கொல்கிறது என்றால் லட்சம் கோடி நூறு கோடியாகும். அடுத்த தவணையில் நூறு கோடி பத்து லட்சமாகும். பிறகு ஆயிரம். பிறகு ஒன்று. கண்ணுக்குத் தெரிவது முதல் தவணை மட்டும்தான். மிச்சத் தவணைகள் எல்லாம் எந்த ரிப்போர்ட்டிலும் தெரியாத எதிரிக்கு எதிராகத் தரப்படுகிறவை. (உடம்பில் கணக்கு இத்தனை சுத்தமாக நடக்காது. தவணைகளுக்கு நடுவில் செல்கள் திரும்பப் பெருகும், மருந்துக்கு மசியாதவை தங்கும், மூளையைச் சுற்றியுள்ள நீரில் ஒளிந்துகொண்டால் சாதாரணமாக ஏற்றும் மருந்து போதிய அளவு அங்கே போய்ச் சேராது. அதனால்தான் முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்து செலுத்துகிறார்கள். பையன் அதற்கு வைத்த பெயர் "முதுகு நாள்".)

ரெமிஷனோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்பது ஊகம் இல்லை, வரலாறு. 1947 கடைசியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தை லுகேமியா குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்து வந்தது லெடர்லி கம்பெனியின் ஆய்வுக்கூடத்திலிருந்து. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமாவரத்தில் பிறந்து, நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. சாகக் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள். பிறகு, மாதக் கணக்கில், நோய் திரும்ப வந்தது. 1948இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ரெமிஷனுக்கு முன்னால் "தற்காலிக" என்ற சொல் இருக்கிறது. ஃபார்பர் கவனமாகத்தான் எழுதினார். வீட்டுக்குத் திரும்பிய குழந்தைகளின் அம்மாக்கள் தங்களுக்குள் என்ன சொல் பயன்படுத்தியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அதற்குப் பிறகும் பல வருடங்களுக்கு இந்த நோயில் குணம் என்று பேசுவதையே டாக்டர்கள் தவிர்த்தார்கள். பொய் நம்பிக்கை தருவதாகிவிடும் என்று. 1962இல் மெம்ஃபிஸில் செயின்ட் ஜூட் மருத்துவமனை திறந்தபோது அதன் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல், ரெமிஷனை நீட்டுவது என்ற குறிக்கோளை விட்டுவிட்டு குணப்படுத்துவது என்பதையே இலக்காக வைத்தார். பல மருந்துகளைச் சேர்த்து, மூளைக்குத் தனியாகச் சிகிச்சை கொடுத்து, ரெமிஷன் வந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். இன்று பணக்கார நாடுகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். எங்கள் பையனுக்கு எழுதிக்கொடுத்த அட்டவணை அந்த வழியில் வந்ததுதான். முதல் ஐந்து வாரம் ஸ்டீராய்டு, வின்கிறிஸ்டின், அஸ்பராஜினேஸ். வின்கிறிஸ்டின் எடுக்கப்படுவது நித்தியகல்யாணியிலிருந்து. மாமா வீட்டுக் கிணற்றடியில் அந்தச் செடி வரிசையாக நிற்கிறது. ஸ்டீராய்டு பசியில் பையன் நடுராத்திரி இரண்டு மணிக்குத் தோசை கேட்பான், அக்கா வாடகை அறையில் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பாள். பிறகு சில மாதங்கள் கடுமையான கட்டங்கள். கடைசியாக மெயின்டனன்ஸ்: தினமும் 6-எம்பி என்கிற மெர்காப்டோபூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

டாக்டர் இதையெல்லாம் மாமாவிடம் சொல்லவில்லையா? சொன்னார், நல்லபடியாகவே சொன்னார், ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். பிரச்சினை, அந்தத் தாளுக்கும் எங்களுக்கும் நடுவில் தமிழ்ச் சொல் ஒன்று தேவைப்பட்டது. வார்டில் நர்ஸ் அக்காக்கள் பயன்படுத்திய சொல், "கட்டுக்குள்ள வந்துடுச்சு". இது நல்ல சொல்தான். ஆனால் எங்கள் வீட்டில் கட்டுக்குள் இருப்பவை இரண்டு: அம்மாவின் சுகர், அப்பாவின் பிரஷர். இரண்டும் சாகும்வரை மாத்திரை. அக்கா மாமியார் உடனே கேட்டார், "அப்போ இவனுக்கு ஆயுசுக்கும் மாத்திரையா? சுகர் மாதிரியா?" குணம் என்றால் நாளைக்கே நிறுத்தலாம். கட்டுக்குள் என்றால் என்றைக்குமே நிறுத்த முடியாது. இது இரண்டும் இல்லாத நிலை: நோய் கண்ணுக்குத் தெரியாது, மருந்து நிற்கக் கூடாது, ஆனால் மருந்துக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. நாளிதழ்களில் ரெமிஷன் என்ற சொல் கைதிகள் விஷயத்தில் வரும், தண்டனைக் குறைப்பு என்று எழுதுவார்கள். கைதி வெளியே வரலாம், தீர்ப்பு மட்டும் ரத்தாகாது. புற்றுநோய் டாக்டர்களின் ரெமிஷனுக்கு அது கொஞ்சம் கிட்டே வருகிறது என்று எனக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பையனுக்கு ஜெயில் உவமை எதற்கு.

கடைசியில் சொல்லைக் கண்டுபிடித்தவர் மாமாதான். கோடு போட்ட தாளை ரெண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தார். டீக்கடையில் என்னிடம் கேட்டார்.

"ஏன்டா, இது கோரை மாதிரியா?"

கோரைப்புல்லை நான் புல்லாகத்தான் பார்த்திருக்கிறேன். அவர் விளக்கினார். கடலைக் கொல்லையில் கோரை வந்துவிட்டால் ஆள் விட்டுக் களை எடுப்பார்கள். எடுத்த அன்றைக்கு நிலம் துடைத்த மாதிரி இருக்கும். கீழே கிழங்கு இருக்கிறது. பத்துப் பதினைந்து நாளில் திரும்பக் குத்திக்கொண்டு வரும். கோடை உழவு போட்டு, கிழங்கை மேலே புரட்டி, வெயிலில் காயவிட்டு, திரும்ப முளைத்ததை விடாமல் எடுத்து, இரண்டு மூன்று பட்டம் விரட்டினால்தான் அது ஓயும். "களை எடுத்த அன்னிக்கு வந்து பாத்துட்டு நெலம் சுத்தமாயிடுச்சுன்னு ஒருத்தன் சொன்னா அவன் விவசாயி இல்ல."

அடுத்த முறை டாக்டரிடம் இதையே சொன்னார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "கோரைக்கு எத்தனை பட்டம்னு யாருக்கும் தெரியாது. இதுக்கு எத்தனை மாசம்னு எங்களுக்குத் தெரியும். அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்றார். மாமா அந்த வருடம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்.

எல்லோருக்கும் ஒரு கோரை அகப்படுவதில்லை. சிகிச்சையை நான்கு வாரம் தொடர்ந்து தவறவிட்டால் கைவிட்டதாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் போன் பண்ண ஆரம்பித்துவிடுவார். எங்களோடு முதல் மாதம் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். அவளுக்கும் ரெமிஷன் வந்தது. அவள் அப்பாவும் குணமாகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் லட்டு கொடுத்தார். ஊருக்குப் போனார்கள். போன் சுவிட்ச் ஆஃப். ஆறு மாதம் கழித்து, காய்ச்சலோடு திரும்ப வந்தார்கள். சிகிச்சை நடக்கும்போதோ, கண்டுபிடித்து ஒன்றரை வருடத்துக்குள்ளோ மஜ்ஜையில் திரும்பும் ஏஎல்எல்லைக் குணப்படுத்துவது மிகவும் கஷ்டம். முதல் தடவை தப்பிப் பிழைத்த செல்கள்தான் திரும்பப் பெருகியிருக்கின்றன, பழைய மருந்து அவற்றுக்குப் பழகியிருக்கும். அந்தக் குழந்தையைப் பற்றி அதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

முழுசாக விட்டுவிட்டால்தான் ஆபத்து என்றும் இல்லை. வீட்டில் கொடுக்கிற 6-எம்பி மாத்திரையை எத்தனை நாள் உண்மையில் விழுங்குகிறார்கள் என்று அமெரிக்காவில் பார்த்தார்கள். மாத்திரை பாட்டில் மூடியில் ஒரு சிப் வைத்து, திறக்கும் ஒவ்வொரு முறையும் பதிவாகும்படி செய்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாளுக்குக் குறைவாகப் போட்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து தெளிவாகக் கூடியது. தொண்ணூற்றைந்து சதவீதம் என்பது கேட்க நல்ல மார்க் மாதிரி இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு நாள் விட்டாலே அதற்குக் கீழே போய்விடும். விளையாடி ஓடுகிற, முடி முளைத்துவிட்ட, பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு, நோயே இல்லாதது போல் இருக்கும் ஒரு புதன்கிழமை ராத்திரி, தூங்குகிறவனை எழுப்பி மாத்திரை கொடுக்க வேண்டும். குணமாகிவிட்டது என்று நம்பும் வீட்டில் யார் எழுப்புவார்கள்? அக்கா பால் பாக்கெட் காலண்டரில் பென்சிலால் டிக் போட்டாள். திருவிழா, கல்யாணம், கரண்ட் போன இரவு எல்லாவற்றிலும் டிக் இருக்கிறது.

இதே சமயத்தில்தான் அத்தையோடு ஒரு சண்டை நடந்தது. அப்பாவின் தங்கை. 2015இல் மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, பிறகு ஐந்து வருடம் தினமும் லெட்ரோசோல் மாத்திரை. ஐந்து வருடம் முடிந்தபோது அவருடைய டாக்டர் "நோ எவிடன்ஸ் ஆஃப் டிசீஸ்" என்று எழுதிவிட்டு, மாத்திரையை இன்னும் சில வருடம் நீட்டிப்போம் என்றார். அத்தைக்கு ஆத்திரம். "அஞ்சு வருஷம் தாண்டினா குணம்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தப் பொடியனுக்கே ஒரு நாள் குணம்னு சொல்லுவாங்களாம். எனக்கு மட்டும் 'ஆதாரம் இல்ல'ன்னு எழுதறாரு. என்ன, என் மேல கேஸா போட்டிருக்காங்க?"

நியாயமான கேள்வி. இந்த ஐந்து வருடம் என்ற எண் புள்ளிவிவரக்காரர்களின் வசதிக்காக வந்தது. சிகிச்சைகளை ஒப்பிடுவதற்கு ஏதாவது ஒரு இடத்தில் கோடு போட வேண்டும், ஐந்தில் போட்டார்கள். வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது அது தண்டனைக் காலம் முடியும் தேதி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் டாக்டர்கள் குணம் என்ற சொல்லை எடுப்பது ஒரு வரைபடத்தைப் பார்த்துத்தான். ஒரே நோய் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு எந்த வருடத்தில் திரும்பியது என்று கோடு வரைந்தால், குழந்தைகளின் ஏஎல்எல்லில் அந்தக் கோடு முதல் சில வருடங்கள் இறங்கிவிட்டுப் பிறகு தரையோடு தரையாகப் படுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு திரும்புவது அபூர்வம். கோடு படுத்த இடத்தைத் தாண்டி வந்த குழந்தையிடம் டாக்டர் தைரியமாகக் குணம் என்பார். அது அந்தக் குழந்தையின் மஜ்ஜையை எட்டிப் பார்த்துச் சொல்வது அல்ல, அவனைப் போன்றவர்களின் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது.

அத்தைக்கு வந்தது ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் வகை. அதன் கோடு படுப்பதில்லை. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஐந்து வருட மாத்திரையை முடித்து அதுவரை நோய் திரும்பாத 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்தது. ஐந்தாம் வருடத்திலிருந்து இருபதாம் வருடம் வரை, ஏறக்குறைய ஒரே வேகத்தில், நோய் உடம்பின் வேறு இடங்களில் திரும்பிக்கொண்டே இருந்தது. கட்டி சிறியது, நிணநீர்க் கணுவில் பரவவில்லை என்ற நல்ல வகையில்கூட, அந்தக் காலத்துக்குள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர். திருப்பிப் பார்த்தால் எண்பத்தேழு பேருக்கு அப்படி வரவில்லை. அத்தை அந்த எண்பத்தேழில் இருக்கலாம், பெரும்பாலும் இருப்பார். ஆனால் கோடு படுக்காத வரை டாக்டர் குணம் என்று எழுத மாட்டார். "ஆதாரம் இல்லை" என்பது அவர் கண்ணும் கையும் மேமோகிராமும் இன்றைக்கு எட்டிய தூரத்துக்கான கையெழுத்து.

அத்தை விடவில்லை. "அப்போ உடம்பு முழுக்க ஒரு பெட் ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க. இல்லைன்னா இல்லன்னு தெரிஞ்சுடும்." பணம் நான் தருகிறேன் என்றார் அவர் மகன். டாக்டர் எழுதித் தரவில்லை. எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு வருடா வருடம் ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்பது சோதித்துப் பார்த்த விஷயம். பெட் ஸ்கேன் சில மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பார்க்காது. ஒரு சென்டிமீட்டர் கட்டியிலேயே ஏறத்தாழ நூறு கோடி செல்கள் இருக்கும் என்பார்கள். ஸ்கேன் சுத்தம் என்று வந்தாலும் எழுதப்போவது அதே நான்கு ஆங்கிலச் சொற்கள்தான். அதைவிட, புதிதாக விடாத எலும்பு வலி, இருமல், மூச்சிரைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் வந்து பார்க்கச் சொன்னார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. டாக்டரை மாற்றுவேன் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். லெட்ரோசோலை மட்டும் நிறுத்தவில்லை. "கோவம் அந்தாளு மேலதான், மாத்திரை மேல இல்ல" என்றார்.

எனக்கு டாக்டர்கள் மேல் ஒரு குறை உண்டு. ரிப்போர்ட் கொடுக்கும் நாளில் அவர்கள் நல்ல செய்தியை முதலில் சொல்கிறார்கள். மனிதர்கள்தானே, சொல்லத் தோன்றும். ஆனால் ஐந்து வாரம் தூங்காத ஒரு அம்மா நல்ல செய்திக்குப் பிறகு சொல்லப்படும் எதையும் கேட்பதில்லை. எங்கள் டாக்டர் பிறகு வழக்கத்தை மாற்றிக்கொண்டார் என்று பார்த்தேன். புதிதாக வந்த ஒரு குடும்பத்திடம் முதல் நாளே, சிகிச்சை தொடங்கும் முன்பே, சொல்லிக்கொண்டிருந்தார்: "அஞ்சு வாரத்துல நோய் கண்ணுக்குத் தெரியாமப் போகும். அன்னிக்கு நீங்க குணமாயிடுச்சுன்னு நெனப்பீங்க. அன்னிக்கு என்னை ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க." கோரையைப் பற்றியும் சொன்னார். அந்த அப்பா லாரி டிரைவர், அவருக்குக் கோரை புரியவில்லை. வேறு ஏதோ கண்டுபிடித்திருப்பார்கள்.

2024 பிப்ரவரியில் பையனுக்குக் கடைசி மாத்திரை. வார்டில் சிறிதாகக் கேக் வெட்டினார்கள். அன்றைய சீட்டில் டாக்டர் எழுதியது, "சிகிச்சை முடிந்தது, ரெமிஷனில் உள்ளார்". அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இன்னுமா ரெமிஷன்?" என்றாள். "இன்னும்தான்," என்றார் டாக்டர். "நோய் திரும்பறதா இருந்தா மருந்து நிறுத்தின முதல் ரெண்டு வருஷத்துலதான் பெரும்பாலும் திரும்பும். முதல் வருஷம் மாசாமாசம் வாங்க. அப்புறம் இடைவெளி விட்டு. குணம்னு நான் எழுதற அன்னிக்கு நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அவனுக்கு இப்போது ஒன்பது வயது. நான்காம் வகுப்பு, கிரிக்கெட் பைத்தியம். இன்னும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அக்கா சட்டையைத் தூக்கிப் பார்க்கிறாள், நீலத்திட்டு இருக்கிறதா என்று. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் மாமாவிடம் கேட்டார், "பையனுக்கு முழுசா குணமாயிடுச்சா?" மாமா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"மாத்திரை நின்னு ஒண்ணரை வருஷம் ஆவுது. ரத்தம் நல்லா இருக்கு. அடுத்த டெஸ்டு கார்த்திகையில."

பெரியவர் இன்னும் எதற்கோ காத்திருந்தார். மாமா இலையைப் பார்த்து ரசம் கேட்டார்.